பேட் போனால் பேஸும் போகும்

காதோரம் கறுப்புப் பொடி ஒட்டியிருக்கிறது, சட்டைக் காலரில் செதில் செதிலாக ஏதோ உதிர்ந்து கிடக்கிறது என்றால், அந்த வீட்டில் இரண்டு மூன்று வருடம் ஓடிய வயர்லெஸ் ஹெட்போன் ஒன்று இருக்கிறது என்று நம்பலாம். காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன்களில் பேட்டரி தளர்வதற்கு முன்னாலேயே இயர் பேட் உயிரை விட்டுவிடுகிறது. மேலே இருக்கிற ரெக்சின் தோல் வெடித்து உரியும். உள்ளே இருக்கிற ஸ்பாஞ்ச் சப்பிப்போகும். தலையின் மேல் உட்காரும் ஹெட்பேண்ட் மெத்தையும் கொஞ்ச நாளில் அதே வழியில் போகும்.

பலர் இதை அழகுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறார்கள். உரிந்த இடத்தில் டேப் ஒட்டுவார்கள், பழைய சாக்ஸை வெட்டி மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு பக்கம், "முன்ன மாதிரி சத்தம் இல்லை, ஸ்பீக்கர் போயிடுச்சு போல" என்று புதுசு வாங்கக் கிளம்புவார்கள். இரண்டும் ஒரே நோய் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழுதுபார்க்கும் ஒருவர் வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தது இது: "ஸ்பீக்கர் கல்லு மாதிரி இருக்கு சார். பேட்தான் செத்துப்போச்சு. கையால ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிச்சுக் கேளுங்க, பழைய சவுண்டு வரும்." வந்தது. அந்த ஒரு வரியில் இருக்கிற விஷயத்தைத்தான் விரித்துச் சொல்லப்போகிறேன்.

ஹெட்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலம்தான். திறந்த வெளியில் வைத்தால் அதனால் கனத்த பேஸ் தரவே முடியாது. சவ்வு முன்னால் தள்ளும் காற்று ஓரமாக நழுவிப் போய்விடும். காதைச் சுற்றிப் பேட் அடைத்துக்கொண்டிருப்பதால்தான் பேஸ் பிறக்கிறது. சவ்வு அசையும்போது, பேட்டுக்கும் காதுக்கும் நடுவில் சிறைப்பட்ட அந்தச் சின்னக் காற்றறை முழுவதிலும் அழுத்தம் ஏறி இறங்குகிறது. செவிப்பறை அந்த அழுத்தத்தைத்தான் பேஸாகக் கேட்கிறது. மெதுவாக ஏறி இறங்கும் அழுத்தம் என்பதால், எங்காவது ஒரு சின்ன இடுக்கு கிடைத்தாலும் அது கசிந்துவிடும். உயர்ந்த ஸ்வரங்களின் அதிர்வு மிக வேகமானது. கசிய நேரம் கிடைப்பதற்குள் அது காதுக்குள் போய்விடும். எனவே பேட் போன ஹெட்போனில் சத்தம் குறைவதாகத் தோன்றாது. குரல் இருக்கும், ஜதி இருக்கும், அடிவயிற்றில் இருக்கவேண்டியது மட்டும் காணாமல் போகும்.

மிருதங்கம் கேட்டால் இது பளிச்சென்று தெரியும். வலந்தலையின் கணீரென்ற நாதம் அப்படியே இருக்கும். இடப்பக்கத்துத் தொப்பியின் கும்கி மட்டும் அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் வறண்டுபோகும். சந்தேகம் இருந்தால் நல்ல ஹெட்போனையே ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள். தொப்பி சட்டென்று மறைந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அந்த மில்லிமீட்டர் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. கண்ணாடிக் காம்பு பேட்டுக்கு அடியில் ஓடுகிறது அல்லவா? புது ஸ்பாஞ்ச் காம்பைச் சுற்றிக் குழைந்து இடுக்கை அடைத்துவிடும். சப்பிப்போன ஸ்பாஞ்சுக்கு அந்தக் குழைவு கிடையாது. அதனால் பேட் கெட்டுவிட்டது என்று கண்ணாடி அணிபவருக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே தெரிந்துவிடும்.

நாய்ஸ் கேன்சலிங் உள்ள மாடல்களில் சேதாரம் இன்னும் கூடுதல். வெளியில் ஒரு மைக் ஏசியின் இரைச்சலைக் கேட்கிறது. கப்புக்குள் காதுப் பக்கம் இன்னொரு மைக் மிச்சம் என்ன உள்ளே வந்தது என்று கேட்கிறது. இரண்டையும் வைத்து, இரைச்சலுக்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் வெளிவிடுகிறது. இந்த வித்தை முக்கியமாகப் பலிப்பது பஸ் எஞ்சின், ஏசி, மின்விசிறி போன்ற தாழ்ந்த உறுமல்களிடம்தான். கூர்மையான சத்தங்களைத் தடுப்பது பேட்டின் வேலை. பேட்டில் இடுக்கு விழுந்தால் உறுமலும் கூடுதலாக உள்ளே வரும், அதை அழிக்க வேண்டிய எதிர் அலையும் வெளியே கசியும். கணக்குத் தப்பிப்போகும்போது சில ஹெட்போன்கள் நடக்கும்போதும் தாடையை அசைக்கும்போதும் "குபுகுபு" என்று தானே முனகத் தொடங்கும். எலெக்ட்ரானிக்ஸ் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போகும் பல முனகல்கள் இந்தச் சாதியைச் சேர்ந்தவை.

இதில் ஒரு கண்கட்டும் உண்டு. பல மாடல்களில் உள்மைக் பாட்டையும் சேர்த்தே கண்காணிக்கிறது. பேஸ் குறைந்தால் ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூடுதலாக உந்தி ஈடுகட்டப் பார்க்கும். அதனால் நாய்ஸ் கேன்சலிங் ஓடும்போது பேஸ் ஓரளவு நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். அதை அணைத்ததும் தொபக்கென்று விழும். முன்பெல்லாம் இல்லாத அளவுக்கு அந்த வித்தியாசம் வந்துவிட்டதென்றால் பேட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவு வேலை செய்கிற பொருள் ஏன் இப்படிப் பொடிப்பொடியாக உதிர்கிறது? விளம்பரத்தில் 'புரோட்டீன் லெதர்' என்று பெயர் சூட்டினாலும், பெரும்பாலும் அது துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய ரெக்சின்தான். அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஈரம் மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. வியர்வை, உடல் சூடு, தலைக்குத் தேய்த்த எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் வேகம் கூடும். கடலோர ஊர்களில் காற்றே ஈரம்தான். கிருமிநாசினி போட்டு அடிக்கடி துடைப்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பூச்சை இன்னும் சீக்கிரம் வெடிக்கவைக்கிறார்கள். ஸ்பிரிட் அதற்கு ஆகாது. லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, நிழலில் உலரவிட்டாலே போதும்.

இனி மாற்றும் வேலை. பேட்டைக் கப்போடு பிடித்துவைக்கும் முறை மாடலுக்கு மாடல் வேறு. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸில் காந்தம். இழுத்தால் வந்துவிடும், வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆடியோ டெக்னிகாவின் எம்50எக்ஸ் வகைகளில் பேட்டின் பின்புறத் தோல் ஓரம் கப்பின் பள்ளத்துக்குள் இழுத்து மாட்டப்பட்டிருக்கும். தலையணை உறை போடுவதுபோல் ஒரு முனையை மாட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டே வரவேண்டும். போஸ், சோனி மாடல்களில் பிளாஸ்டிக் கொக்கிகள். நிறையப் பேர் கையில் இருப்பது இந்தக் கடைசி வகை என்பதால், 2016-இல் வந்து இன்னும் பலரிடம் ஓடிக்கொண்டிருக்கும் போஸ் க்யூசி35-ஐ எடுத்துக்கொள்வோம்.

ஹெட்போனை அணைத்துவிட்டு, மேசையில் மெல்லிய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கப்பை ஒரு கையில் பிடித்து, பேட்டும் கப்பும் சேரும் விளிம்புக்குக் கீழே மறு கையின் விரல் நுனிகளை நுழைத்து, மேல்நோக்கி இழுக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு கொக்கியாக விடுபடும் சத்தம் கேட்கும். வெளியே வந்ததும் அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் தகடு ஒன்று தெரியும். அதில் பெரிதாக L அல்லது R என்று எழுதியிருக்கும். பார்ப்பதற்கு அலங்காரத் துணி மாதிரி இருக்கும் இந்தத் தகடுதான் ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் மேலே இருக்கும் திரை. தூசியைத் தடுப்பதோடு உயர்ந்த ஸ்வரங்களின் கூர்மையையும் இது கொஞ்சம் மழுக்குகிறது. பழைய பேட்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவது இங்கே சகஜமாக நடக்கிற விபத்து.

திரையை எடுத்தபின் உள்ளே கறுப்புச் செதில்கள் கிடக்கும். கப்பைக் கவிழ்த்துப் பிடித்து, பெயிண்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் வருடி விட்டால் உதிர்ந்துவிடும். வாயால் ஊதுவதும், வேக்குவம் க்ளீனரை நெருக்கமாக வைப்பதும் வேண்டாம். ஸ்பீக்கரின் சவ்வு காகிதத்தைவிட மெலிதாக இருக்கும். ஒருமுறை மடிந்தால் நிமிராது. மைக் துளையில் ஊசி நுழைப்பது அதைவிட மோசம்.

புதுத் திரையை L, R பார்த்து வைத்து, பேட்டின் முட்டை வடிவத்தைக் கப்பின் வடிவத்தோடு பொருத்தி, இரண்டு கட்டைவிரலாலும் விளிம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வரவேண்டும். நடுவில் அழுத்திப் பயனில்லை, கொக்கிகள் விளிம்பில்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்காரும். ஒரு சுற்று முடிந்ததும் இன்னொரு சுற்று போய், எங்காவது விளிம்பு எழும்பி நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

சோனியின் எக்ஸ்எம்3, எக்ஸ்எம்4 மாடல்களில் கொக்கி வளையம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மொபைல் திறக்க வைத்திருக்கும் தட்டையான பிளாஸ்டிக் நெம்பியை விளிம்பில் நுழைத்துத் தூக்க வேண்டியிருக்கும்; ஸ்க்ரூடிரைவர் போட்டால் கப்பின் ஓரம் பல்லைக் காட்டும். எக்ஸ்எம்4-இன் இடது கப்புக்குள், ஹெட்போன் காதில் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் ஒன்று உண்டு. புது பேட்டின் உள்துணி அதை மறைத்துவிட்டால், கழற்றி வைத்த பிறகும் காதில் இருப்பதாகவே நினைத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு மாடல்களிலும் பேட் மாற்றிய பின் நாய்ஸ் கேன்சலிங் ஆப்டிமைசரை ஒருமுறை ஓடவிடுங்கள். காதில் மாட்டியிருக்கும்போதே சோதனை ஒலி எழுப்பி, அடைப்பு எப்படி இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

மாட்டுவது எளிது. எதை மாட்டுவது என்பதில்தான் கோட்டைவிடுகிறார்கள். கடைகளிலும் இணையத்திலும் ஒரே மாடலுக்கு ரெக்சின், ஆட்டுத்தோல், வெல்வெட், 'கூலிங் ஜெல்' என்று பல வகை பேட்கள் கிடைக்கின்றன. நம்முடைய வெயிலுக்கு வெல்வெட் அல்லது துணி பேட்தான் சுகம் என்று தோன்றும். சுகம்தான், சந்தேகமில்லை. ஆனால் துணி மூச்சுவிடும். மூச்சுவிடும் பொருள் காற்றறையை அடைக்காது. மூடிய வகை நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனில் வெல்வெட் பேட் போடுவது, காசு கொடுத்து வாங்கிய பேஸையும் அமைதியையும் வழியனுப்பி வைக்கிற காரியம். காதுப் பக்கம் துணியும், உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் ரெக்சினும் வைத்துத் தைத்த கலப்பு பேட்கள் ஓரளவு சமரசமாக இருக்கும். ஜெல் பேட் தொட்டதும் குளுகுளுவென்று இருக்கும். சில நிமிடங்களில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். ஆட்டுத்தோல் நீண்ட நாள் உழைக்கும், நன்றாக அடைக்கும், ஆனால் மழைக்காலத்தில் மூடிய பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். பேட் சப்பிப்போனால் காது மடல் ஸ்பீக்கர் மூடியில் உரசும். ஒரு மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும். அதனால் 'எக்ஸ்ட்ரா திக்' என்று போட்டிருப்பதைப் பார்த்தால் ஆசை வரும். ஒரிஜினலைவிடத் தடிமனான பேட், காதை ஸ்பீக்கரிலிருந்து தள்ளிவைக்கிறது, உள்ளே இருக்கும் காற்றறையையும் பெரிதாக்குகிறது. இரண்டுமே ஒலியை மாற்றும். பெரும்பாலும் பேஸ் கொஞ்சம் தளரும், குரல் சற்றே தூரத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கும். கப்புகள் விலகுவதால் ஹெட்பேண்டின் பிடியும் இறுகும். காதுக்குச் சுகம் தேடப் போய்த் தாடைக்கு வலி வாங்கிவருகிறவர்கள் உண்டு. ஒரிஜினல் அளவுக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

இவை எல்லாம் ஒரே ஹெட்போனில் வந்து சேர்ந்ததை அக்கா மகள் கொண்டுவந்தாள். கொக்கி வகைதான், மூன்று வருடம் ஹாஸ்டலில் உழைத்தது. பேட்டை அவளே மாற்றியிருந்தாள். "மாமா, பேட் புதுசு, சவுண்டு பழசைவிட மோசமா இருக்கு. நாய்ஸ் கேன்சலிங் போட்டா வலது காதுல ஏதோ உறுமுது" என்றாள். பழைய பேட்டைப் பையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஸ்கேல் வைத்துப் பார்த்தோம்: பழையது சப்பிப்போய் 12 மில்லிமீட்டர், புதியது 22.

முதலில் அமுக்கும் சோதனை. மிருதங்கத் தனி ஒன்றை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தச் சொன்னேன். இடது காதில் பெரிய மாற்றமில்லை. அப்படியென்றால் அந்தப் பக்கம் முகத்தோடு அடைப்பு சரியாகவே இருக்கிறது. வலது காதில் மொத்தமாக அழுத்தியபோது கொஞ்சம்தான் பேஸ் வந்தது. கப்பின் பின்கீழ் மூலையை மட்டும் விரலால் அழுத்தியபோது முழுசாக வந்துவிட்டது. முகத்துக்கும் பேட்டுக்கும் நடுவில் கசிவு இருந்திருந்தால் மொத்தமாக அழுத்தும்போதே சரியாகியிருக்கும். இது பேட்டுக்கும் கப்புக்கும் நடுவில் இருக்கிற கசிவு. பலர் யோசிக்காத இடம் அது. கழற்றிப் பார்த்தால், அந்த மூலையில் புது பேட்டின் பிளாஸ்டிக் வளையம் லேசாக வளைந்து, ஒரு கொக்கி பள்ளத்தில் உட்காமல் மேலேயே நின்றிருந்தது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சில வினாடிகள் காட்டி, வளையத்தை நிமிர்த்தி, தட்டையான புத்தகத்துக்கு அடியில் வைத்து ஆறவிட்டோம். திரும்ப மாட்டியபோது 'டக்' என்றது. உறுமல் நின்றுவிட்டது.

பேஸ் வந்தும் அவளுக்குத் திருப்தியில்லை. பாடகர் 'ஸ', 'ஷ' சொல்லும்போதெல்லாம் காதில் குத்துவதாகச் சொன்னாள். புது பேட்டோடு திரை வரவில்லை. பழைய திரை, பழைய பேட்டின் உட்பக்கம் ஒட்டியபடியே பைக்குள் இருந்தது. அதைப் பதமாக உரித்து, தூசி தட்டி, இடம் பார்த்து வைத்ததும் குத்தல் அடங்கியது. பேஸ் மட்டும் ஒரிஜினலைவிட ஒரு நூல் குறைவாகத்தான் இருந்தது. தடிமனான பேட்டின் விளைவு அது. போனின் ஈக்வலைசரில் கீழ்க்கோடியைச் சற்று ஏற்றிச் சமாளித்தோம். கசிவினால் போன பேஸை இப்படி ஈக்வலைசரில் ஏற்றிச் சரிக்கட்ட முயன்றால், ஸ்பீக்கர் வீணாகத் திணறும். இடுக்கை அடைத்த பிறகுதான் அந்தப் பக்கம் போகலாம்.

புதுப் பேட் முதல் சில நாள் விறைப்பாக இருக்கும். ஸ்பாஞ்ச் நம் கன்ன எலும்பின் மேடு பள்ளத்துக்குப் பழகியதும் அடைப்பு இன்னும் நன்றாகும். அதனால் மாற்றிய அன்றே தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஹெட்பேண்ட் கதை வேறு. அது நேரடியாக ஒலியைத் தொடுவதில்லை. ஆனால் உச்சந்தலை மெத்தை சப்பிப்போனால் ஹெட்போன் முழுவதும் சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். கப்பின் மேல் விளிம்பு காது மடலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கீழே தாடைக்கு மேல் இடுக்கு விழும். நீளத்தை ஒரு படி குறைத்தால் பல நேரங்களில் இது சரியாகிவிடும். காசு செலவில்லாத வைத்தியம். உச்சந்தலையில் ஒரே புள்ளி வலித்தால்தான் மெத்தையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பேட்டைப்போல் ஹெட்பேண்ட் மெத்தையைக் கழற்றி மாட்டும்படி எல்லோரும் செய்வதில்லை. பல மாடல்களில் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு கப்பையும் இணைக்கும் மெல்லிய வயர்கள் அந்த மெத்தைக்கு அடியில்தான் ஓடுகின்றன. கத்தி போட்டு உரிக்கப் போய் ஒரு வயர் அறுந்தால், ஒரு காது ஊமை. அனுபவமில்லாதவர் அந்த வேலையில் இறங்காமல் இருப்பதே நல்லது. அதற்குப் பதில் ஜிப் வைத்த உறைகள் கிடைக்கின்றன. பழைய மெத்தையின் மேலேயே சுற்றிப் பூட்டிக்கொள்ளலாம். உரிந்த தோலை முதலில் நன்றாகத் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைக்குள் மணல் போட்டதுபோல் நறநறக்கும். உறை போட்டால் உச்சியில் உயரம் கூடும். அதற்கேற்ப நீளத்தை ஒரு படி கூட்டி, கப் மறுபடி காதின் நடுவில் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிப் மடிப்புக் கீலின் மேல் வராமல் இருக்கட்டும். வந்தால் ஹெட்போன் மடங்காது. சிலிகான் உறை துடைக்க எளிது, ஆனால் நம் ஊர் மதியத்தில் தலை வேகும். பின்னல் துணி உறை வாங்கி மாதம் ஒருமுறை துவைத்துப் போடுவது மேல்.

இதே யோசனையில் பேட்டுக்கும் துணி உறை போடலாமா என்று கேட்பார்கள். வியர்வையிலிருந்து காப்பாற்றும், ஆனால் மெல்லிய துணிகூட அடைப்பைச் சற்றுத் தளர்த்தும். வீட்டில் மீட்டிங் பேசும்போது போட்டுக்கொண்டு, பஸ்ஸிலும் விமானத்திலும் கழற்றிவிடலாம்.

மாடல் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மூன்று ஜோடி பேட் வாங்கிப் பீரோவில் அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ரெக்சினுக்குக் காதில் இருப்பதும் பீரோவில் இருப்பதும் ஒரு விதத்தில் ஒன்றுதான். ஈரம் உறைக்குள்ளும் போகும், சங்கிலிகள் அங்கேயும் அறுந்துகொண்டிருக்கும். நாலு வருடம் கழித்துப் பிரிக்கும்போது புத்தம்புது பேட் கையிலேயே உரியும். தேவைப்படும்போது ஒரு ஜோடி வாங்கினால் போதும். பழைய பேட்டின் திரையை மட்டும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.